இரண்டு எண்களைச் சேர்த்துப் படிப்பது எப்படி? தைராய்டு, அட்ரீனல் கேள்விகளுக்கு ஒரு வழிகாட்டி

கேள்வித்தாளில் இப்படி ஒரு வரி வருகிறது: ஃப்ரீ டி4 0.5, டிஎஸ்எச் 2.1. ஆய்வகத் தாளில் டிஎஸ்எச்சின் இயல்பு அளவு 0.4 முதல் 4 வரை. 2.1 அதன் நடுவில் இருப்பதால் 'தைராய்டில் கோளாறு இல்லை' என்று முடிவு செய்து, அடுத்த விடையைத் தேடப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த நோயாளிக்குத் தைராய்டு ஹார்மோன் பாதிகூட இல்லை. கோளாறைச் சொல்லும் எண்ணே அந்த 2.1தான்.

முதலாண்டு, இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர்களும் செவிலியர் மாணவர்களும் நாளமில்லாச் சுரப்பிக் கேள்விகளில் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒவ்வொரு எண்ணையும் தனியாக எடுத்து, இயல்பு அளவுக்குள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறார்கள். இந்த எண்களை இணையாகத்தான் படிக்க வேண்டும். கட்டளையிடும் ஹார்மோன் ஒன்று, கட்டளையைக் கேட்டுச் சுரக்கும் ஹார்மோன் ஒன்று. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்தை வளர்க்கத்தான்.

இந்தக் கட்டுரையில் டிஎஸ்எச் லிட்டருக்கு மில்லி யூனிட்டிலும், ஃப்ரீ டி4 டெசிலிட்டருக்கு நானோகிராமிலும், கார்டிசோல் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராமிலும், ஏசிடிஎச் மில்லிலிட்டருக்குப் பிகோகிராமிலும் தரப்பட்டுள்ளன. ஃப்ரீ டி4-இன் இயல்பு அளவு 0.8 முதல் 1.8 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். கேள்வியிலேயே அளவு கொடுத்திருந்தால் அதையே எடுங்கள்.

படி 1: சுரப்பியின் எண்ணை முதலில் பாருங்கள், பிறகு பிட்யூட்டரியிடம் போங்கள்

ஹைபோதலாமஸ் டிஆர்எச்சை அனுப்புகிறது. அது பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி டிஎஸ்எச்சை அனுப்புகிறது. அதைக் கேட்டுத் தைராய்டு டி4, டி3 இரண்டையும் சுரக்கிறது. இவை இரத்தத்தில் கூடினால் மேலே இருக்கும் இரண்டும் அடங்கும். குறைந்தால் இரண்டும் குரலை உயர்த்தும். இதுதான் எதிர்மறைப் பின்னூட்டம். பாடப்புத்தகப் படத்தில் அம்புக்குறிகளாகப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் சொல்லாத ஒன்று, இந்த உறவு சமமான உறவு அல்ல என்பது. ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் இரண்டு மடங்கு ஆவதில்லை, ஏறக்குறைய நூறு மடங்கு வரை ஏறக்கூடும். அதனால்தான் தைராய்டில் சிறிய கோளாறு வந்தாலும் ஃப்ரீ டி4 இன்னும் இயல்பு அளவுக்குள் இருக்கும்போதே டிஎஸ்எச் எகிறிவிடுகிறது.

இப்போது முதல் வரிக்குத் திரும்புங்கள். ஃப்ரீ டி4 0.5 என்ற இடத்தில் நல்ல பிட்யூட்டரி என்ன செய்திருக்கும்? டிஎஸ்எச்சை 30, 60, 100 என்று ஏற்றியிருக்கும். இங்கே 2.1தான் இருக்கிறது. ஆகவே தைராய்டுக்குக் கட்டளையே போகவில்லை; கோளாறு பிட்யூட்டரியிலோ ஹைபோதலாமஸிலோ இருக்கிறது. நோயறிதல் மைய வகைத் தைராய்டு குறைபாடு. சில நோயாளிகளுக்கு டிஎஸ்எச் 6, 7 வரைகூட இருக்கும்; பாதிக்கப்பட்ட பிட்யூட்டரி அனுப்பும் டிஎஸ்எச் மூலக்கூறுக்கு வீரியம் குறைவு என்பதால், கருவி அதை எண்ணிவிடும், தைராய்டு மதிக்காது.

எனவே ஒவ்வொரு கேள்வியிலும் தாளின் ஓரத்தில் இரண்டு சொற்களை எழுதிப் பழகுங்கள்: 'இருப்பது', 'இருக்க வேண்டியது'. ஃப்ரீ டி4-ஐப் பார்த்ததும், டிஎஸ்எச் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முதலில் நீங்களே எழுதுங்கள். பிறகுதான் கேள்வியில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் நோய் சுரப்பியில். ஒத்துப்போகாவிட்டால் நோய் மேலே, அல்லது பரிசோதனையில்.

ஃப்ரீ டி4 குறைந்து டிஎஸ்எச் 60 என்றால் ஒத்துப்போகிறது: தைராய்டே பழுது, பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய். ஃப்ரீ டி4 3.9, டிஎஸ்எச் 0.01க்குக் கீழ் என்றாலும் ஒத்துப்போகிறது: தைராய்டு தன்னிச்சையாகச் சுரக்கிறது அல்லது ஹார்மோன் வெளியிலிருந்து வருகிறது. ஃப்ரீ டி4 3.9, டிஎஸ்எச் 5 என்றால் ஒத்துப்போகவில்லை: இவ்வளவு ஹார்மோன் இருக்கும்போது பிட்யூட்டரி அடங்கியிருக்க வேண்டும். டிஎஸ்எச் சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டியோ, தைராய்டு ஹார்மோனுக்கு உடல் மசியாத பிறவிக் கோளாறோ அங்கே விடையாகும்.

இடையில் வரும் காலக் கணக்கு

இந்த ஒப்பீடு செல்லுபடியாக வேண்டுமென்றால், பின்னூட்டச் சுற்று ஒரு நிலைக்கு வந்திருக்க வேண்டும். டி4-இன் அரை ஆயுள் ஏறக்குறைய ஏழு நாள். லெவோதைராக்சின் அளவை மாற்றினால் டிஎஸ்எச் அதற்கேற்ற புதிய இடத்தில் அமர ஆறு வாரமாவது ஆகும். பத்தாம் நாளில் பார்த்த டிஎஸ்எச்சை வைத்து மாத்திரையை ஏற்றச் சொல்லும் விடை தவறு.

இதன் மறுபக்கம் இன்னும் அதிகமாக ஏமாற்றும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயாளி, அந்தச் சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் எடுக்கத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. ஃப்ரீ டி4 0.6, டிஎஸ்எச் இன்னும் 0.01. 'டிஎஸ்எச் அடங்கியே இருக்கிறது, மருந்தைக் கூட்டு' என்று ஒரு விடை காத்திருக்கும். மாதக்கணக்கில் அடக்கப்பட்ட பிட்யூட்டரி மீண்டு எழுவதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். இந்தக் கட்டத்தில் ஃப்ரீ டி4-ஐத்தான் நம்ப வேண்டும். அது குறைவு, எனவே மருந்தைக் குறைக்க வேண்டும்.

படி 2: டிஎஸ்எச் அடங்கியிருந்தால், அயோடினை யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள்

ஃப்ரீ டி4 அதிகம், டிஎஸ்எச் இல்லை என்ற இடம் வரை வந்துவிட்டால் பாதி வழிதான் வந்திருக்கிறீர்கள். கிரேவ்ஸ், தைராய்டு அழற்சி, வெளியிலிருந்து எடுத்த மாத்திரை மூன்றும் இதே இரண்டு எண்களைத்தான் காட்டும். பிரித்துக் காட்டுவது கதிரியக்க அயோடின் ஏற்புப் பரிசோதனை. அதன் தர்க்கமும் அதே பின்னூட்டம்தான்.

அயோடினை உள்ளே இழுக்கச் சொல்வது டிஎஸ்எச். டிஎஸ்எச் இல்லாதபோது நல்ல தைராய்டு அயோடினை இழுக்காது. 24 மணி நேரத்தில் இயல்பான ஏற்பு 10 முதல் 30 சதவீதம் போல இருக்கும். டிஎஸ்எச் பூஜ்யமாக இருக்கும்போது ஏற்பு 65 சதவீதம் என்றால், டிஎஸ்எச்சின் இடத்தில் வேறு ஏதோ உட்கார்ந்து கட்டளையிடுகிறது. சுரப்பி முழுவதும் ஒரே சீராக ஏற்றால் அது டிஎஸ்எச் ஏற்பியைத் தூண்டும் எதிர்ப்பொருள், அதாவது கிரேவ்ஸ். ஓரிடத்தில் மட்டும் ஏற்று மற்ற பகுதி உறங்கினால் தன்னிச்சையான முடிச்சு. ஏற்பு 1 சதவீதம் என்றால் சுரப்பி புதிதாக எதையும் தயாரிக்கவில்லை. ஏற்கெனவே சேமித்து வைத்த ஹார்மோன் கசிகிறது, அல்லது ஹார்மோன் வாய்வழியாக வருகிறது. இந்த இரண்டைப் பிரிக்கத் தைரோகுளோபுலின் போதும்: சுரப்பி சிதைந்து கசிந்தால் அது கூடியிருக்கும், மாத்திரையால் வந்தால் குறைந்திருக்கும்.

சிகிச்சைக் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. கழுத்தில் வலி, காதுவரை பரவுகிறது, காய்ச்சல், ஈஎஸ்ஆர் 80, ஏற்பு 1 சதவீதம். இது சப்அக்யூட் தைராய்டு அழற்சி. கார்பிமசோல் புதிய ஹார்மோன் தயாரிப்பைத்தான் நிறுத்தும். இங்கே தயாரிப்பே இல்லாததால் அதற்கு வேலையில்லை. வலிக்கு அழற்சி நீக்கியும், படபடப்புக்குப் பீட்டா தடுப்பானும் போதும்.

அறிகுறிகளைப் படிக்கும்போதும் ஒரு கவனம் தேவை. கைநடுக்கம், படபடப்பு, கீழ்நோக்கிப் பார்க்கும்போது மேல் இமை பின்தங்குவது ஆகியவை ஹார்மோன் மிகுதியால் வருபவை. காரணம் எதுவானாலும் வரும். விழி பிதுங்குவதும் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோல் தடிப்பதும் ஹார்மோனால் வருபவை அல்ல, கிரேவ்ஸ் நோயின் எதிர்ப்பாற்றலால் வருபவை. கேள்வியில் இந்த இரண்டில் ஒன்று இருந்தால் ஸ்கேன் வரை போக வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் கதிரியக்க அயோடின் கூடாது. அவர்களுக்கு எதிர்ப்பொருள் பரிசோதனைதான் விடை.

அறிகுறியே இல்லாத ஒருவர், முடி உதிர்வுக்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார், டிஎஸ்எச் மிகக் குறைவு, ஃப்ரீ டி4 அதிகம் என்று ஒரு கேள்வி வந்தால் கிரேவ்ஸ் என்று எழுதிவிடாதீர்கள். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடினும் ஒட்டிக்கொள்ளும் தன்மையை வைத்து இயங்குகின்றன. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்தால் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்தும், ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். மாத்திரையைக் குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்பதே சரி.

படி 3: அட்ரீனலுக்கு இரண்டு எஜமானர்கள்

தைராய்டுக்கு ஒரு கட்டளைதான். அட்ரீனல் புறணிக்கு இரண்டு. கார்டிசோலைச் சுரக்கச் சொல்வது பிட்யூட்டரியின் ஏசிடிஎச். ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்வது பெரும்பாலும் சிறுநீரகத்திலிருந்து தொடங்கும் ரெனின்-ஆஞ்சியோடென்சின் சங்கிலியும், இரத்தத்தில் உள்ள பொட்டாசியமும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் அட்ரீனல் குறைபாட்டுக் கேள்விகளில் பெரும்பகுதி அவிழ்ந்துவிடும்.

அட்ரீனலே அழிந்தால் (தாமஸ் அடிசன் 1855இல் விவரித்த நோய்) இரண்டு ஹார்மோன்களும் போகும். ஆல்டோஸ்டிரோன் இல்லாததால் சிறுநீரில் உப்பு வெளியேறும், பொட்டாசியம் தங்கும், இரத்த அழுத்தம் எழுந்து நிற்கும்போது சரியும். கார்டிசோல் இல்லாததால் பின்னூட்டத்தின் தடை நீங்கி ஏசிடிஎச் பல மடங்கு ஏறும். ஏசிடிஎச் தனியாகப் பிறப்பதில்லை. பிஓஎம்சி என்ற பெரிய புரதத்திலிருந்து வெட்டியெடுக்கப்படுகிறது. ஏசிடிஎச்சும் அதன் கூடப்பிறந்த துண்டுகளும் தோலின் நிறமிச் செல்களைத் தூண்டுவதால் உடல் கறுக்கிறது.

பிட்யூட்டரி பழுதானால் கதை வேறு. ஏசிடிஎச் இல்லை, கார்டிசோல் இல்லை. ஆனால் ரெனின் தன் வேலையைச் செய்கிறது, ஆல்டோஸ்டிரோன் இருக்கிறது. எனவே பொட்டாசியம் இயல்பு. தோல் கறுக்காது, வெளிறும். ஆனால் சோடியத்தை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். அது இரண்டிலும் குறையும். கார்டிசோல் இல்லாவிட்டால் நீரைத் தேக்கும் ஏடிஎச் அடங்காது, அதனால் சோடியம் நீர்த்துப்போகும். பிரித்துக் காட்டுபவை பொட்டாசியமும் தோலும்தான்.

தோல் விஷயத்தில் ஒரு சொல். பாடநூல்கள் பலவும் வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்டவை. நம்மவர்களுக்கு ஈறிலும் உள்ளங்கை ரேகையிலும் கொஞ்சம் கருமை இயல்பாகவே இருக்கலாம். அதனால் கருமை இருக்கிறதா என்பதை விட, அது புதிதாக வந்ததா என்பதே கேள்வி. சமீபத்திய தழும்பு கறுத்திருக்கிறதா, விரல் முட்டிகள் முன்பைவிட இருண்டிருக்கின்றனவா, 'வெயிலில் போகாமலே கறுத்துட்டே' என்று வீட்டார் சொன்னார்களா என்று பாருங்கள். பழைய புகைப்படம் ஒன்று இருந்தால் நல்லது.

கார்டிசோல் எண்ணைப் படிக்கும்போது கடிகாரத்தையும் படிக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு அது உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்தில். இரவில் 4 என்றால் ஒன்றுமில்லை. காலையில் 4 என்றால் கவலை. காலை அளவு 3க்குக் கீழ் இருந்தால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 15 முதல் 18க்கு மேல் என்றால் பெரும்பாலும் இல்லை. இடையில் இருந்தால் சினாக்தென் பரிசோதனை: செயற்கை ஏசிடிஎச் 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, 30ஆம் நிமிடமும் 60ஆம் நிமிடமும் கார்டிசோல் பார்ப்பது. 18ஐத் தொட்டால் அட்ரீனலுக்குச் சுரக்கும் திறன் இருக்கிறது என்பது பழைய எல்லை. புதிய கருவிகளில் எல்லை இன்னும் கீழே வைக்கப்படுகிறது.

இந்தப் பரிசோதனை தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு, தேர்விலும் வரும். பிட்யூட்டரி அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஏசிடிஎச் நின்றுவிட்டது, ஆனால் அட்ரீனல் இன்னும் சுருங்கவில்லை. ஊசி போட்டால் அழகாகச் சுரந்துகாட்டும். பரிசோதனை இயல்பு, நோயாளிக்குக் குறைபாடு. அட்ரீனல் சுருங்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அதுவரை இயல்பான விடையை நம்பக்கூடாது.

படி 4: கார்டிசோல் மிகுதி, வரிசை மாறினால் விடை மாறும்

குஷிங் கேள்விகளில் பிழை பெரும்பாலும் வரிசையில்தான் வருகிறது. முதலில் கார்டிசோல் மிகுதி உண்மையா என்று உறுதி செய்ய வேண்டும், பிறகு ஏசிடிஎச், அதன் பிறகே படம்.

உறுதி செய்ய எளிய வழி: இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்சாமெத்தசோன் கொடுத்து, மறுநாள் காலை 8 மணிக்குக் கார்டிசோல் பார்ப்பது. நல்ல பிட்யூட்டரி அந்த மாத்திரையைக் கார்டிசோல் என்று எண்ணி அடங்கிவிடும், கார்டிசோல் 1.8க்குக் கீழே இறங்கும். டெக்சாமெத்தசோனைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அது கார்டிசோல் கருவியில் எண்ணப்படாது; ஹைட்ரோகார்டிசோன் கொடுத்திருந்தால் கொடுத்த மருந்தையே அளந்துகொண்டிருப்போம். 1.8க்கு மேல் இருந்தால் இன்னொரு பரிசோதனையும் ஒத்துப்போக வேண்டும்: 24 மணி நேரச் சிறுநீர்க் கார்டிசோல் அல்லது நள்ளிரவு உமிழ்நீர்க் கார்டிசோல். ஃபெனிடோயினோ ரிஃபாம்பிசினோ எடுப்பவருக்கு டெக்சாமெத்தசோன் கல்லீரலில் வேகமாகக் கரைந்துவிடும், அடங்காதது போலத் தெரியும். கருத்தடை மாத்திரை எடுப்பவருக்குக் கார்டிசோலைச் சுமக்கும் புரதம் கூடுவதால் மொத்த அளவு பொய்யாக ஏறும்.

உறுதியான பின் ஏசிடிஎச். 5க்குக் கீழ் அடங்கியிருந்தால் அட்ரீனலே தன்னிச்சையாகச் சுரக்கிறது, வயிற்று சிடி எடுங்கள். 20க்கு மேல் இருந்தால் கட்டளை எங்கிருந்தோ வருகிறது, பிட்யூட்டரி எம்ஆர்ஐ எடுங்கள். இந்த வரிசையை மீறி நேராக எம்ஆர்ஐ எடுத்தால் என்ன? எந்தத் தொல்லையும் தராத சிறு பிட்யூட்டரிப் புள்ளி ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அட்ரீனல் கட்டிக்காரருக்கு அந்தப் புள்ளியைக் காட்டித் தலையில் அறுவை செய்ய அனுப்பிவிடுவோம்.

ஏசிடிஎச் மிக அதிகம், எடை கூடாமல் குறைகிறது, தோல் கறுக்கிறது, பொட்டாசியம் 2.4, நோயாளி புகைப்பவர். இது நுரையீரல் கட்டியிலிருந்து வரும் ஏசிடிஎச். கார்டிசோல் அளவு மீறும்போது, அதைச் செயலிழக்க வைக்கும் சிறுநீரக நொதியால் ஈடுகொடுக்க முடியாமல், கார்டிசோலே ஆல்டோஸ்டிரோன் போல நடந்துகொள்கிறது. பொட்டாசியம் சரிவதற்கு அதுவே காரணம்.

நம் ஊரில் அதிகம் பார்ப்பது வேறு. முகம் வட்டமாக உப்பி, வயிற்றில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமான ஊதாக் கோடுகள், உட்கார்ந்த இடத்திலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை. ஆனால் கார்டிசோல் 0.9, ஏசிடிஎச் 5க்குக் கீழ். உருவம் மிகுதியைச் சொல்கிறது, எண் குறைவைச் சொல்கிறது. இரண்டும் உண்மை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு உள்ளே போகிறது: மூட்டுவலிக்கு வாங்கிய பெயரில்லாத பொடி, ஆஸ்துமாவுக்குச் சீட்டில்லாமல் தொடர்ந்து வாங்கிய மாத்திரை, முகம் வெளுக்கப் பூசிய களிம்பு. அதைத் திடீரென நிறுத்தச் சொல்லும் விடையைத் தொடாதீர்கள். உறங்கிப்போன அட்ரீனல் எழுவதற்குள் நோயாளி சரிந்துவிடுவார். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு கேள்வியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

*32 வயதுப் பெண். ஆறு மாதமாகச் சோர்வு, காலையில் குமட்டல், 7 கிலோ எடைக் குறைவு. படுத்திருக்கும்போது இரத்த அழுத்தம் 96/60, எழுந்து நின்றால் 74/50. பழைய அறுவைத் தழும்பு புதிதாகக் கறுத்திருக்கிறது. சோடியம் 127, பொட்டாசியம் 5.9, சர்க்கரை 66. டிஎஸ்எச் 8.4, ஃப்ரீ டி4 0.9. அடுத்து என்ன செய்வீர்கள்?*

முதல் விடையாக 'லெவோதைராக்சின் தொடங்கு' என்று இருக்கும். சோர்வு, குறைந்த சோடியம், ஏறிய டிஎஸ்எச் எல்லாம் தைராய்டு குறைபாட்டுக்குப் பொருந்துவது போலத் தெரிவதால் கை அங்கேதான் போகும். ஒவ்வொன்றாக உரசிப் பாருங்கள். தைராய்டு குறைந்தால் எடை கூட வேண்டும். இங்கே 7 கிலோ இறங்கியிருக்கிறது. சோடியம் குறைவதைத் தைராய்டு விளக்கலாம், பொட்டாசியம் 5.9ஐ விளக்காது. எழுந்தால் சரியும் அழுத்தம் ஆல்டோஸ்டிரோன் இல்லை என்கிறது, கறுத்த தழும்பு ஏசிடிஎச் ஏறியிருக்கிறது என்கிறது. ஆக, கோளாறு அட்ரீனலிலேயே.

அப்படியானால் டிஎஸ்எச் 8.4 எதற்கு? கார்டிசோல் பிட்யூட்டரியின் டிஎஸ்எச் சுரப்பையும் ஓரளவு அடக்கி வைக்கிறது. கார்டிசோல் போனால் அந்தப் பிடி தளர்ந்து டிஎஸ்எச் மெல்ல ஏறும். தைராய்டில் நோய் இல்லாமலே இப்படி வரலாம். உண்மையிலேயே ஹாஷிமோட்டோவும் சேர்ந்திருக்கலாம்; ஒரே எதிர்ப்பாற்றல் கோளாறு இரண்டு சுரப்பிகளையும் தாக்குவது தெரிந்த விஷயம். இன்று இந்த எண்ணை வைத்து அதை முடிவு செய்ய இயலாது.

லெவோதைராக்சின் முதலில் கொடுத்தால் ஆபத்து எங்கே? அது உடலின் வளர்சிதை மாற்றத்தை முடுக்கும், மிச்சமிருக்கும் கொஞ்சக் கார்டிசோலையும் வேகமாகக் கழித்துவிடும். தேவை கூடும், இருப்பு குறையும். ஓரிரு வாரத்தில் அட்ரீனல் நெருக்கடியில் நோயாளி திரும்பி வருவார். அதனால் இரண்டும் குறைவோ என்ற ஐயம் வந்தாலே ஸ்டீராய்டு முதலில், தைராக்சின் பிறகு.

சரியான வரிசை இது. கார்டிசோலுக்கும் ஏசிடிஎச்சுக்கும் இரத்தம் எடுங்கள். முடிவுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. நரம்பு வழியாகக் கொடுங்கள், பிறகு 24 மணி நேரத்துக்கு 200 மி.கி. தொடரட்டும். முதல் மணி நேரத்தில் இயல்பு உப்புநீர் ஒரு லிட்டர், சர்க்கரை 66 என்பதால் குளுக்கோஸும் சேர்த்து. இந்த அளவு ஹைட்ரோகார்டிசோனே ஆல்டோஸ்டிரோன் வேலையையும் பார்த்துவிடும். ஃப்ளூட்ரோகார்டிசோன் பிறகு, மருந்து மாத்திரையாக மாறி நாளுக்கு 15 முதல் 25 மி.கி.க்கு இறங்கும்போது போதும்.

முடிவு வருகிறது: கார்டிசோல் 2.6, ஏசிடிஎச் 480. இணை பொருந்துகிறது, சுரப்பியே பழுது. அடுத்த கேள்வி காரணம். மேலை நாட்டு நூல்கள் எதிர்ப்பாற்றலை முதலில் சொல்லும். இந்தியாவில் காசநோயைத் தேடாமல் விடக்கூடாது. சிடியில் அட்ரீனல்கள் இரண்டும் பெருத்திருந்தாலோ, சுண்ணாம்பு படிந்திருந்தாலோ காசநோய் போன்ற தொற்று, சுருங்கியிருந்தால் எதிர்ப்பாற்றல். காசநோய் என்று முடிவானால் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது: ரிஃபாம்பிசின் ஹைட்ரோகார்டிசோனை வேகமாகக் கழிக்கும். மருந்து தொடங்கிய சில நாளில் நோயாளி மறுபடி சோர்ந்து விழுந்தால் காசநோய் முற்றிவிட்டது என்று எண்ணாமல், ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டும். டிஎஸ்எச்சை ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். 2.8க்கு இறங்கியிருந்தால் தைராய்டு மாத்திரையே தேவைப்பட்டிருக்காது.

அதே கேள்வி, சில எண்கள் மாறினால்

அதே வயது, அதே சோர்வு, அதே சோடியம் 127. ஆனால் பொட்டாசியம் 4.2. தோல் வெளிறியிருக்கிறது. டிஎஸ்எச் 1.9, ஃப்ரீ டி4 0.5. கார்டிசோல் 2.6, ஏசிடிஎச் 8. நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரசவத்தில் கடும் இரத்தப்போக்கு. பால் சுரக்கவில்லை, மாதவிடாய் திரும்பவில்லை.

கார்டிசோல் 2.6க்கு ஏசிடிஎச் நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டும், 8தான் இருக்கிறது. ஃப்ரீ டி4 0.5க்கு டிஎஸ்எச் பத்துக்கணக்கில் இருக்க வேண்டும், 1.9தான் இருக்கிறது. ஆய்வகத் தாளில் இந்த 8க்கும் 1.9க்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறிகூட இருக்காது. இரண்டு இணைகளும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெருக்கிறது, ஆனால் அதற்குப் போகும் இரத்தம் அதே குறைந்த அழுத்தக் குழாய்களில்தான் வருகிறது. கடும் இரத்தப்போக்கில் அது வறண்டு மடிகிறது. இதுதான் ஷீஹன் நோய். பால் சுரக்காதது புரோலாக்டின் போனதற்கு, மாதவிடாய் திரும்பாதது எல்எச், எஃப்எஸ்எச் போனதற்கு அடையாளம்.

சிகிச்சை வரிசை மாறாது: ஹைட்ரோகார்டிசோன் முதலில், சில நாள் கழித்து லெவோதைராக்சின். ரெனின் சங்கிலி நலமாக இருப்பதால் ஃப்ளூட்ரோகார்டிசோன் வேண்டாம். மூன்று மாதம் கழித்து இவர் நன்றாக இருக்கிறார், ஃப்ரீ டி4 1.3, டிஎஸ்எச் 0.02 என்று ஒரு தொடர் கேள்வி வரும், 'மருந்து அதிகமாகிவிட்டது, குறை' என்ற விடையோடு. இந்த டிஎஸ்எச் பழுதான பிட்யூட்டரியிலிருந்து வருவது, அதன் சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. ஃப்ரீ டி4 இயல்பு அளவின் மேல் பாதியை ஒட்டி நிற்கிறது. மாத்திரை அதே அளவில் தொடரட்டும்.